மாத்திரை ஏன் விட்டுப்போகிறது? ‘இது முடிந்ததும் அது’ திட்டத்தில் பிழை தேடும் வழி

தைராய்டு சுரப்பு குறைவாக இருப்பவர்களுக்கு மருத்துவர் எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் ஒரே ஒரு சின்ன மாத்திரைதான்: லீவோதைராக்சின். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அதற்குப் பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை காபி, டீ, டிபன் எதுவும் கூடாது. கேட்பதற்கு எளிதுதான். ஆனால் வருடக்கணக்கில் இதைப் போடுபவர்களிடம் கேட்டுப் பாருங்கள், வாரத்தில் ஒன்றிரண்டு நாள் விட்டுப்போகிறது என்று பலர் சொல்வார்கள்.

இது விட்டுப்போவதற்கு இந்த மருந்தின் தன்மையும் ஒரு காரணம். உடம்பில் இதன் அளவு பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால் இன்று மறந்தால் இன்று எந்தத் தொந்தரவும் தெரியாது. உடம்பு ஞாபகப்படுத்தாத ஒரு வேலையை வேறு ஏதாவது ஒன்றுதான் ஞாபகப்படுத்த வேண்டும்.

“நாளையிலிருந்து ஒழுங்காகப் போடணும்” என்ற எண்ணம் அந்த வேலையைச் செய்வதில்லை. அந்த எண்ணத்தில் ஆசை இருக்கிறது, ஆனால் எந்த இடத்தில், எது நடந்தவுடன் என்பது இல்லை. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களில் இந்த இடைவெளியைத்தான் ஆராய்ந்தார். “இன்ன நிலைமை வந்தால் இன்ன செயலைச் செய்வேன்” என்று முன்கூட்டியே முடிவு செய்துவைத்தால் என்ன ஆகிறது என்று பார்த்தார். வெரோனிகா பிராண்ட்ஸ்டேட்டருடன் சேர்ந்து 1997-ல் அவர் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கிறிஸ்துமஸ் முந்திய நாளை எப்படிக் கழித்தோம் என்று இரண்டு நாளைக்குள் எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் சொன்னார்கள். பாதிப் பேரிடம் மட்டும் அதை எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதுவீர்கள் என்று முன்பே குறிக்கச் சொன்னார்கள். குறித்தவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் எழுதினார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான் எழுதினார்கள்.

மாத்திரை விஷயத்திலேயே நேரடியான சோதனையும் உண்டு. பிரிட்டனில் வலிப்பு நோய்க்கு மருந்து எடுக்கும் 69 பேரிடம் நடந்த ஆய்வு அது, 2009-ல் வெளியானது. மூடி திறக்கும் நேரத்தைத் தானாகப் பதிவு செய்யும் டப்பாவில் மாத்திரையைக் கொடுத்தார்கள். ஒரு குழு மட்டும், எந்த நேரத்தில், எந்த இடத்தில், எதைச் செய்துகொண்டிருக்கும்போது மாத்திரை போடுவோம் என்று ஒரு தாளில் எழுதியது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது, எழுதிய குழு 79 விழுக்காடு மாத்திரைகளை உரிய நேரத்தில் போட்டிருந்தது. மற்ற குழுவில் அது 55 விழுக்காடு. வேறுபாடு அந்த ஒரு தாள்தான்.

‘இது முடிந்ததும் அது’ என்று இப்படி ஒரு வாக்கியம் எழுதும்போது இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. வாக்கியத்தின் முதல் பாதியில் குறித்த பொருளோ நிகழ்வோ மனதில் மேலே வந்து நிற்பதால், அது எதிரே வரும்போது சட்டென்று கண்ணில் படுகிறது. அந்தப் பொருளையோ நிகழ்வையோ தூண்டல் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது, அந்த நேரத்தில் “இப்பவா, அப்புறமா” என்று யோசிக்கும் வேலை இல்லாமல் போகிறது, ஏனென்றால் அந்த முடிவை ஏற்கெனவே எடுத்தாயிற்று. திட்டம் பலிக்காதபோது மக்கள் தங்கள் மன உறுதியைத் திட்டிக்கொள்கிறார்கள். நான் பார்த்தவரை பிழை பெரும்பாலும் அந்த முதல் பாதியில்தான் இருக்கும். கீழே என் பெரியம்மாவின் தைராய்டு மாத்திரையை வைத்தே ஒவ்வொரு அறிகுறியாகப் பார்க்கலாம். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அங்கே நேராகப் போய்விடலாம்.

அறிகுறி: நேரம் கடந்த பிறகுதான் ஞாபகமே வருகிறது

பெரியம்மாவின் முதல் திட்டம் இது: “காலையில் எழுந்ததும் மாத்திரை போடுவேன்.” இதுவே ‘இது முடிந்ததும் அது’ மாதிரிதானே இருக்கிறது, ஏன் பலிக்கவில்லை என்று கேட்டார். அவர் காலையை அவர் வாயாலேயே வரிசையாகச் சொல்லச் சொன்னேன். ஐந்து மணிக்கு விழிப்பு, கொஞ்ச நேரம் படுக்கையிலேயே இருப்பது, குளியலறை, வாசலில் பால் பாக்கெட் எடுப்பது, பல் தேய்ப்பது, அடுப்பில் பால், வாசல் தெளிப்பது. “எழுந்ததும்” என்பது இதில் எந்த நொடி? படுக்கையில் கண் விழித்த நொடி என்றால் அங்கே தண்ணீரும் இல்லை, மாத்திரையும் இல்லை. நடந்து வருவதற்குள் பால் பாக்கெட் குறுக்கே வந்துவிடுகிறது.

அவர் எழுதியது ஒரு நிகழ்வு மாதிரி தெரிந்தாலும் உண்மையில் ஒரு நீளமான நேரப் பகுதி. “காலையில்”, “சாப்பாட்டுக்கு முன்னால்”, “நேரம் கிடைக்கும்போது”, “படுப்பதற்கு முன்” எல்லாமே இந்த வகைதான். இவற்றில் ‘முன்’ என்பது இன்னும் மோசம். சாப்பாட்டுக்கு முன் என்றால், சாப்பாடு என்ற தூண்டல் வரும்போது வாய்ப்பு ஏற்கெனவே போய்விட்டது. தட்டில் இட்லி விழுந்த பிறகுதான் ஞாபகம் வரும்.

கடிகார நேரமும் நல்ல தூண்டல் இல்லை. ஆறு மணி என்பது நம் எதிரே வந்து நிற்பதில்லை. நாமாக அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் அது தெரியும். இதனால்தான் நினைவாற்றலை ஆராய்பவர்கள் நேரத்தை வைத்து ஒன்றை ஞாபகம் வைப்பதையும், ஒரு நிகழ்வை வைத்து ஞாபகம் வைப்பதையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். போனில் அலாரம் வைத்தால் நேரம் ஒரு நிகழ்வாக மாறும், உண்மைதான். ஆனால் அலாரம் அடிக்கும் இடத்தில் நீங்கள் மாத்திரைக்குப் பக்கத்தில் இருப்பீர்கள் என்று எந்த உறுதியும் இல்லை. பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அலாரத்தை அணைத்துவிட்டு நடந்துவிடுவோம்.

சரிசெய்ய, உங்கள் காலையையும் இதே மாதிரி ஒவ்வொரு அசைவாக எழுதிப் பாருங்கள். அதில் தினமும் தவறாமல் நடப்பதும், ஒரு தெளிவான முடிவு உள்ளதும், முடியும்போது கை காலியாக இருப்பதுமான ஒரு அசைவைத் தேடுங்கள். பெரியம்மாவுக்குக் கிடைத்தது இது: பல் தேய்த்து முகம் கழுவியதும் அவர் முகத்தைத் துடைத்துவிட்டுத் துண்டைக் கொடியில் போடுவார். என்ன அவசரமாக இருந்தாலும் இது மாறாது. துண்டைப் போட்ட கணத்தில் இரண்டு கையும் காலி, அடுத்த வேலை இன்னும் தொடங்கவில்லை.

புது வாக்கியம்: “முகம் துடைத்த துண்டைக் கொடியில் போட்டதும், பக்கத்து அலமாரியில் இருக்கும் மாத்திரையை எடுத்து விழுங்குவேன்.” ஒரு வேலை தொடங்குவதைவிட முடிவதைத் தூண்டலாக வைப்பதுதான் என் பரிந்துரை. பல் இடுக்கை நூலால் சுத்தம் செய்யும் பழக்கத்தை வைத்து பிரிட்டனில் நடந்த ஒரு சிறிய ஆய்வில் கூட, பல் தேய்ப்பதற்கு முன் செய்தவர்களைவிடத் தேய்த்த பின் செய்தவர்களிடம் பழக்கம் அதிகம் நிலைத்த மாதிரி தெரிந்தது. ஆய்வு சின்னது என்பதால் அதை ஒரு சுட்டிக்காட்டலாக மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

எழுதிய பிறகு கண்ணை மூடி ஒரு முறை அந்தக் காட்சியை மனதில் ஓட்டிப் பாருங்கள்: கொடி, துண்டு, கை எங்கே போகிறது. காட்சி எங்காவது மங்கினால் அந்த இடத்தில் வாக்கியம் இன்னும் பொதுவாக இருக்கிறது என்று அர்த்தம்.

அறிகுறி: ஞாபகம் வருகிறது, ஆனாலும் செய்வதில்லை

இது முற்றிலும் வேறு பிழை. தூண்டல் வேலை செய்துவிட்டது. கோளாறு இரண்டாவது பாதியில் இருக்கிறது.

பெரியம்மாவுக்குத் துண்டைப் போட்டதும் ஞாபகம் வந்தது. ஆனால் டப்பா படுக்கையறை பீரோவில், தண்ணீர் சமையலறையில். “அங்க போறதுக்குள்ள வேற ஒரு வேலை கூப்பிட்டுடுது” என்றார். அவர் சொன்னது சரி. தூண்டலுக்கும் செயலுக்கும் நடுவே பத்தடி நடை இருந்தால், அந்தப் பத்தடியில் வேறு பல தூண்டல்கள் இருக்கும். அவை வருடக்கணக்கில் பழகிய வேலைகளை இழுப்பவை. நேற்று எழுதிய வாக்கியம் அவற்றோடு போட்டி போட முடியாது.

அதனால் பொருளைத் தூண்டலின் பக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். கொடிக்கு அருகே இருக்கும் சுவர் அலமாரியில் டப்பாவும், இரவே நிரப்பி மூடிவைத்த ஒரு டம்ளர் தண்ணீரும். குளியலறைக்கு உள்ளே மட்டும் வைக்காதீர்கள். இந்த மாத்திரைக்கு ஈரமும் சூடும் ஆகாது. அதே காரணத்தால் ஜன்னல் வெயில் படும் இடமும் வேண்டாம்.

தண்ணீர் நிரப்பிவைப்பதை யார் ஞாபகப்படுத்துவது என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் ஒரு வாக்கியம் உண்டு: “இரவு சமையலறை விளக்கை அணைத்ததும், டம்ளரை அலமாரியில் வைப்பேன்.” விளக்கை அணைக்கும்போது டம்ளர் கையில் இருந்தால் இன்னும் நல்லது. இரவில் மறந்தால் காலைத் திட்டமும் சேர்ந்து சாயும் என்பது இந்த ஏற்பாட்டின் பலவீனம். அலமாரியிலேயே ஒரு தண்ணீர் பாட்டில் நிரந்தரமாக இருந்தால் அந்தக் கவலை இல்லை. பெரியம்மா கடைசியில் பாட்டிலுக்கே மாறிவிட்டார்.

இதே அறிகுறிக்கு இன்னொரு காரணம், செயல் ஒரு உடல் அசைவாக இல்லாமல் ஒரு பொதுவான நோக்கமாக எழுதப்பட்டிருப்பது. “உடம்பைக் கவனித்துக்கொள்வேன்” என்று எழுதினால் அங்கே நின்று என்ன செய்வது என்று யோசிக்க வேண்டியிருக்கும். “மூடியைத் திறந்து ஒன்றை உள்ளங்கையில் போடுவேன்” என்பதில் யோசிக்க எதுவும் இல்லை.

அறிகுறி: எதைச் செய்யக் கூடாதோ அதைத்தான் அதிகமாகச் செய்கிறேன்

மாத்திரை ஒழுங்காயிற்று. ஆனால் அடுத்த பத்தாவது நிமிஷம் காபி. காபி இந்த மருந்தைக் குடல் உறிஞ்சுவதைக் குறைக்கிறது என்பதால் இடைவெளி முக்கியம். பெரியம்மா உடனே ஒரு வாக்கியம் போட்டார்: “டிகாக்‌ஷன் வாசனை வந்தால், காபி குடிக்க மாட்டேன்.”

பார்க்க ஒழுங்கான வாக்கியம்தான். ஆனால் இது எதிராக வேலை செய்யக்கூடிய வகை. நெதர்லாந்தைச் சேர்ந்த மரிகே ஆட்ரியான்சேயும் உடன் ஆய்வாளர்களும் 2011-ல் வெளியிட்ட ஆய்வுகளில், “இன்ன நிலையில் இதைத் தின்ன மாட்டேன்” என்று திட்டமிட்டவர்களுக்கு அந்த நிலைமைக்கும் அந்தத் தின்பண்டத்துக்கும் இடையே மனதில் இருந்த தொடர்பு வலுத்தது என்று கண்டார்கள். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். வாசனை, காபி என்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி மனதில் பதிக்கிறோம். ‘மாட்டேன்’ என்பதற்குக் கையால் செய்ய ஓர் அசைவும் இல்லை. வாசனை வந்ததும் மனம் காபிக்குத்தான் போகும்.

அதனால் கூடாததற்குப் பதிலாக, அந்த இடத்தை நிரப்பும் ஒரு செயலை எழுத வேண்டும். பெரியம்மாவின் வீட்டில் அது ஏற்கெனவே இருந்தது, வரிசைதான் மாற வேண்டியிருந்தது. முன்பு அவர் பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்குப் போவார். இப்போது: “மாத்திரையை விழுங்கியதும், துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவேன்.” வாசல் பெருக்கி, தண்ணீர் தெளித்து, கோலம் போட்டு, செடிகளுக்குத் தண்ணீர் விட்டு உள்ளே வர அரை மணிக்கு மேல் ஆகிவிடும். அதன் பிறகுதான் பால். இதற்கிடையில் வேறு யாராவது காபி போட்டு வாசனை வந்தால் என்ன செய்வது? “வாசனை வந்தால், ஒரு டம்ளர் வெந்நீர் குடிப்பேன்.” வெறும் தண்ணீரால் மருந்துக்குப் பாதகம் இல்லை.

காலைக் காபியை எந்த வகையிலும் தள்ளிப்போட முடியாதவர்கள் உண்டு. அவர்கள் மல்லுக்கட்டுவதைவிட மருத்துவரிடம் இரவில் போடலாமா என்று கேட்கலாம். கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருந்தால் படுக்கும்போது போடுவதும் பலருக்குப் பொருந்துகிறது. அப்படி மாறினால் தூண்டலும் புதிதாக எழுத வேண்டும், “கொசுவலையை இறக்கியதும்” என்பது போல. இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகள் எடுப்பவர்கள் இதற்கும் அவற்றுக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி விட வேண்டும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே தூண்டலில் கட்டுவது வசதியாகத் தெரியும், இங்கே அது தவறு.

அறிகுறி: போட்டேனா இல்லையா என்றே தெரியவில்லை

இது தோல்வி இல்லை, திட்டம் நன்றாக ஊறிவிட்டதன் அடையாளம். யோசிக்காமல் செய்யும் வேலை நினைவில் தனியாகப் பதிவதில்லை. இன்றைய காலையும் நேற்றைய காலையும் ஒன்றாகக் கலந்துவிடும். ஆனால் சந்தேகத்தில் இரண்டாவது மாத்திரை போட்டுவிடும் ஆபத்து இதில் இருப்பதால் விட்டுவிட முடியாது.

நினைவை நம்பாமல் ஒரு தடயத்தை விட வேண்டும். பெரியம்மா வீட்டுச் சுவரில் தினசரி காலண்டர் தொங்குகிறது. அதை அலமாரிக்கு மேலே மாற்றினோம். “மாத்திரை விழுங்கியதும், நேற்றைய தாளைக் கிழிப்பேன்.” காலண்டரில் இன்றைய தேதி தெரிந்தால் போட்டாயிற்று. நேற்றைய தேதி தெரிந்தால் போடவில்லை. வீட்டில் வேறு யாரும் அந்தத் தாளைத் தொடக் கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை. ராசிபலன் படிக்கும் பெரியப்பாவுக்கு அது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. விட்டுப்போன நாளில் என்ன செய்வது என்பதை உங்கள் மருத்துவரிடம் முன்பே கேட்டு டப்பாவிலேயே எழுதி ஒட்டிவையுங்கள்.

அறிகுறி: வீட்டில் சரி, ஊருக்குப் போனால் விட்டுப்போகிறது

மகள் வீட்டில் அந்தக் கொடி இல்லை, அந்த அலமாரி இல்லை. தூண்டல் வராத இடத்தில் திட்டமும் வராது. இதற்காக முதல் வாக்கியத்தைத் தளர்த்தி “எங்கே இருந்தாலும்” என்று எழுதிவிடாதீர்கள், அது வீட்டுத் திட்டத்தையும் கெடுத்துவிடும். பயணத்துக்கென்று இரண்டாவது வாக்கியம் போடுங்கள். கூடவே வருகிற ஒரு பொருள் வேண்டும், பல் பிரஷ் அதற்குப் பொருத்தம். “பிரஷ்ஷைப் பையில் வைக்கும்போது, மாத்திரை டப்பாவையும் அதே கவரில் வைப்பேன்.” அங்கே போய் பிரஷ்ஷை எடுக்கும்போது டப்பா கையில் தட்டும்.

ரத்தப் பரிசோதனை நாள் இதற்கு நேர் எதிரான சிக்கல். அன்று ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போடும்படி மருத்துவர் சொல்லியிருந்தால், கை பழக்கத்தில் முன்னாலேயே போட்டுவிடும். முந்தைய இரவே டப்பாவின் மேல் பரிசோதனைச் சீட்டை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவைத்தால் போதும்.

அறிகுறி: நிறையத் திட்டம் போட்டேன், எதுவும் ஒட்டவில்லை

ஒன்று பலித்த சந்தோஷத்தில் நடைப்பயிற்சி, தியானம், தண்ணீர், தூக்கம் என்று ஒரே நாளில் தாள் நிறைய எழுதுபவர்கள் இருக்கிறார்கள். ஏமி டால்ட்டன், ஸ்டீபன் ஸ்பில்லர் இருவரும் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே இலக்குக்குத் திட்டமிட்டவர்களுக்குக் கிடைத்த பலன் பல இலக்குகளுக்குத் திட்டமிட்டவர்களுக்குக் கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் செய்வது எவ்வளவு கஷ்டம் என்பதைத் தாள் முன்னால் வந்து காட்ட, பிடிப்பே தளர்ந்துவிடுகிறது. ஒன்று யோசிக்காமல் நடக்கும்வரை அடுத்ததை எழுத வேண்டாம். அதற்கு எவ்வளவு நாள் ஆகும்? லண்டனில் நடந்து 2010-ல் வெளியான ஓர் ஆய்வில் நடு மதிப்பு 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் 18-லிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது.

அறிகுறி: வாக்கியம் சரி, இடம் சரி, டப்பா பக்கத்தில். ஆனாலும் போடுவதில்லை

மேலே சொன்ன எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகும் இப்படி இருந்தால், வாக்கியத்தில் பிழை தேடுவதை நிறுத்துங்கள். இந்த முறை விருப்பத்தைச் செயலாக மாற்றித் தரும், இல்லாத விருப்பத்தை உண்டாக்காது. இலக்கின் மேல் உண்மையான பிடிப்பு உள்ளவர்களுக்குத்தான் இப்படிப்பட்ட திட்டம் உதவுகிறது என்பதைக் கோல்விட்சரும் பாஸ்கல் ஷீரனும் தாமஸ் வெப்பும் 2005-ல் தனியாகவே சோதித்துக் காட்டினார்கள்.

தைராய்டு மாத்திரையில் இந்தத் தயக்கத்துக்குப் பின்னால் வழக்கமாக ஏதாவது ஒரு காரணம் இருக்கும். வாழ்நாள் முழுவதும் மருந்தா என்ற சலிப்பு, மாத்திரை போட்டதிலிருந்து படபடப்பு, தூக்கமின்மை, அல்லது இவ்வளவு நாள் விட்டும் ஒன்றும் ஆகவில்லையே என்ற எண்ணம். படபடப்பு இருந்தால் அளவு கூடுதலாக இருக்கக் கூடும், அதை மருத்துவர் பார்த்து மாற்ற வேண்டும். நீங்களாகப் பாதி மாத்திரை போட்டுப் பார்க்கக் கூடாது. கடைசி எண்ணத்துக்கு, தைராய்டு சுரப்பு குறைந்தால் ஏறும் டி.எஸ்.எச். அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை பதில் சொல்லும். அளவை மாற்றினால் வழக்கமாக ஆறு முதல் எட்டு வாரம் கழித்து அதை மறுபடி பார்ப்பார்கள். அந்தச் சந்திப்பில் எத்தனை நாள் விட்டுப்போனது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மாத்திரை விட்டுப்போனதால் ஏறிய எண்ணைப் பார்த்து, அளவு போதவில்லை என்று மருத்துவர் கூட்டி எழுதிவிட வாய்ப்பு உண்டு.